கழுத்து டியூப், மூக்கு டியூப்: வீட்டுப் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

டிஸ்சார்ஜ் பேப்பர் எட்டுப் பக்கம் இங்கிலீஷில் இருக்கிறது. எல்லாவற்றையும் தமிழில் போடணுமா?

வேண்டாம். அதில் முக்கால்வாசி அடுத்து பார்க்கப்போகிற டாக்டருக்காக எழுதியது: ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, ஐசியூவில் எத்தனை நாள் என்பதெல்லாம். வீட்டில் இருக்கிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தேடப்போவது மூன்று விஷயங்களைத்தான். சளி எடுப்பது, டியூப் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது. இந்த மூன்றையும் நன்றாகச் செய்தால் போதும்.

ஆனால் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் "கழுத்துல ஓட்டை போட்டிருக்காங்க" என்றுதான் சொல்வார்கள், அது இரண்டு வேறு வேறு நிலையாக இருக்கலாம். ஒன்று டிரக்கியாஸ்டமி. இதில் குரல்வளை அப்படியே இருக்கும், மேலே வாய், மூக்கு வழியாகவும் கொஞ்சமாவது காற்று போய்வர வழி இருக்கலாம். இன்னொன்று லாரிஞ்செக்டமி. குரல்வளையையே எடுத்திருப்பார்கள், பெரும்பாலும் புற்றுநோய்க்காக. இவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது, மூக்கில் ஆக்சிஜன் வைத்தால் ஒரு பயனும் இல்லை, கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். பிரிட்டனில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றே முதல் வகைக்குப் பச்சை, இரண்டாவது வகைக்குச் சிவப்பு என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டுகிறார்கள். நீங்கள் எழுதும் தமிழ்த் தாளின் உச்சியிலும் இது பெரிய எழுத்தில் இருக்கட்டும். கீழே நான் சொல்வதெல்லாம் டிரக்கியாஸ்டமிக்கு.

டியூப் என்று எழுதினால் தமிழ் இல்லை என்கிறார்கள். குழாய் என்று எழுதலாமா?

இந்தச் சண்டையை நான் பலமுறை போட்டிருக்கிறேன். பிரச்சினை தமிழ்ப் பற்று சம்பந்தப்பட்டது இல்லை. மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டும் ஏற்கெனவே நம் உடம்புக்குள் இருக்கிற உறுப்புகளின் பெயர், பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். "மூச்சுக்குழாயின் உட்பகுதியைக் கழற்றிக் கழுவவும்" என்று ஒரு தாளில் பார்த்தேன். எழுதியவர் நினைத்தது பிளாஸ்டிக் டியூபின் உள்ளே இருக்கும் சின்ன டியூபை. படித்த அம்மாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெறும் குழாய் என்று எழுதினாலும் சிக்கல்தான். ஒரே நோயாளியின் மேல் கழுத்தில் ஒன்று, சாப்பாட்டுக்கு மூக்கில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று இருக்கும், சளி எடுக்க உள்ளே விடுவது நான்காவது. அதனால் இடத்தை வைத்தே பெயர் வையுங்கள்: கழுத்து டியூப், மூக்கு டியூப் (பெக் போட்டிருந்தால் வயிற்று டியூப்), யூரின் டியூப், சளி டியூப். வைத்த பெயரைக் கடைசி வரை மாற்றாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு சொல் போட்டால் நடை அழகாக இருக்கும், ஆனால் இரண்டாம் பக்கத்தில் வரும் "செயற்கைச் சுவாச வழி" முதல் பக்கத்தின் கழுத்து டியூப்தான் என்று படிப்பவருக்கு யார் சொல்வது?

தொண்டை டியூப் என்று ஏன் எழுதவில்லை என்றால், தொண்டை என்றவுடன் வாயைத் திறந்து உள்ளே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "தொண்டைச் சளியை எடுக்கவும்" என்று எழுதினால் வாய் வழியாக விடுவார்கள். கழுத்து என்றால் அந்தக் குழப்பம் வராது.

அப்புறம் கஃப். டியூபைச் சுற்றி உள்ளே ஊதிக்கொள்ளும் பலூனுக்கு நர்ஸுகள் சொல்லும் பெயர் அது. காதில் விழும்போது இருமலுக்கான இங்கிலீஷ் சொல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும், கஃபமும் பக்கத்திலேயே நிற்கிறது. பலூன் என்றே எழுதிவிடுங்கள்.

சளி எடுக்கும் பகுதியை வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அக்கா மெஷினை ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போடுகிறார். ஏன்?

"உள்ளே செலுத்தும்போது சக்‌ஷன் கொடுக்கக் கூடாது" என்று எழுதியிருப்பீர்கள். இங்கிலீஷில் இருந்தது அதுதான். அவர் சொன்னபடி செய்கிறார், உள்ளே விடும்போது சக்‌ஷன் கூடாது, சரி, ஸ்விட்சை அணைத்துவிட்டார். சளி டியூபின் கைப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் மூடினால்தான் நுனியில் உறிஞ்சும், திறந்து விட்டால் உறிஞ்சாது என்பதை மூல வாக்கியம் சொல்லவே இல்லை, ஏனென்றால் அதை எழுதிய நர்ஸுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும்.

நான் இப்படி எழுதுவேன்: "மெஷினை ஆன் செய்யுங்கள். முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். கட்டைவிரலை ஓட்டையிலிருந்து எடுத்துவிட்டு, சளி டியூபைப் பேனாக் கோடு வரை மெதுவாக உள்ளே விடுங்கள். இப்போது ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு, டியூபை லேசாக உருட்டியபடி வெளியே எடுங்கள். உள்ளே விட்டதிலிருந்து வெளியே வரும்வரை 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது."

பேனாக் கோடு முக்கியம். கழுத்து டியூபின் நீளத்துக்கு மேல் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரைதான் சளி டியூப் போக வேண்டும், அதற்கு மேல் போய் இடித்தால் உள்சதையில் புண்ணாகி ரத்தம் வரும். "அதிக ஆழம் செலுத்த வேண்டாம்" என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். வீட்டுக்குக் கிளம்பும் முன் நர்ஸிடம் கையில் இருக்கும் மாற்று டியூபை வைத்து அளந்து கோடு போட்டுத் தரச் சொல்லி, அந்த சென்டிமீட்டர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். மெஷின் முள்ளுக்கும் அதே வேலை. பெரியவர்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 மி.மீ. மெர்க்குரி வரை வைப்பார்கள், அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் எண் படிக்க வேண்டியதே இல்லை.

பத்து விநாடி எவ்வளவு என்று பதற்றத்தில் யாருக்கும் தெரியாது. "சளி டியூபை விடும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டினால் அவருக்கும் முட்டும்" என்று ஒரு நர்ஸம்மா சொல்லித்தந்தார். அதையும் சேர்த்துவிடுவேன்.

நார்மல் சலைனை உப்புத் தண்ணீர் என்று போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். படிப்பவர் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். நெபுலைசரில் வைக்க, துளையைச் சுற்றித் துடைக்க என்று கேட்டிருப்பது கடையில் கிடைக்கும் கிருமியில்லாத சலைன், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து செய்தது. "மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நார்மல் சலைன். லேபிளில் 0.9% என்று இருக்கும். வீட்டில் உப்பைக் கரைத்துச் செய்யக் கூடாது" என்று முழுசாக எழுதுங்கள். நம் ஊரில் சலைன் என்றாலே கையில் ஊசி குத்தி ஏற்றுகிற பாட்டில்தான் நினைவுக்கு வரும் என்பதால், எதற்கு, எந்த இடத்தில் என்பதும் அதே வரியில் வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. "30 மி.லி. தண்ணீர் விட்டு டியூபைச் சுத்தம் செய்யவும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலத்தில் ஃபீட் முடிந்ததும் மூக்கு டியூபைத் தண்ணீர் விட்டு அலசச் சொல்லியிருக்கிறது. தமிழில் எந்த டியூப் என்பதே காணவில்லை, அந்தப் பக்கத்தின் மேல்பாதி முழுக்கக் கழுத்து டியூப் பற்றியது. கழுத்து டியூபில் 30 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும். இப்போது நான் எழுதும் தாள்களில் சாப்பாடு தனித் தாள், சளி தனித் தாள். ஒரே தாளின் முன்னும் பின்னும்கூட இல்லை. சளித் தாளின் உச்சியில் "கழுத்து டியூபுக்குள் தண்ணீர், பால், மருந்து எதுவும் ஊற்றக் கூடாது" என்று இருக்கும்.

ஃபீட் பகுதி நாலே வரிதான். அதில் என்ன கஷ்டம்?

நாலு வரியாக இருப்பதுதான் கஷ்டம். பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு வந்த தாளை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: ஆஸ்பிரேட் பிஃபோர் ஈச் ஃபீட். இஃப் ரெசிடியுவல் மோர் தேன் 200 எம்எல், ஹோல்ட் ஃபீட். கல்லூரி படிக்கும் அவருடைய பேத்தி அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்கியிருந்தாள்: "ஒவ்வொரு உணவுக்கும் முன் உறிஞ்சவும். மீதி 200 மி.லி.க்கு மேல் இருந்தால் உணவைப் பிடித்துக்கொள்ளவும்."

பாட்டி இதைப் படித்துவிட்டு முதல் வரிக்குச் சக்‌ஷன் மெஷினை எடுத்தார், ஏனென்றால் வீட்டில் உறிஞ்சுவது அதுதான். இரண்டாவது வரியில் மீதி என்றால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கஞ்சி என்று நினைத்தார். பிடித்துக்கொள்ளவும் என்பதற்கு சிரிஞ்சை உயரமாகத் தூக்கிப் பிடித்தார். மூன்றுமே நியாயமான புரிதல்தான்.

சரி செய்தது இப்படி: "சாப்பாடு கொடுக்கும் முன், காலி சிரிஞ்சை மூக்கு டியூபில் மாட்டி மெதுவாகப் பின்னால் இழுங்கள். போன வேளை கொடுத்தது வயிற்றில் செரிக்காமல் எவ்வளவு நிற்கிறது என்பது இதில் தெரியும். 200 மி.லி.க்கு மேல் வந்தால் இந்த வேளை சாப்பாடு கொடுக்காதீர்கள். நர்ஸுக்குப் போன் செய்யுங்கள்." இதில் 200 என்பது அந்தப் பெரியவருக்கு எழுதிய எண், உங்கள் தாளில் உங்கள் டாக்டர் கொடுத்தது இருக்கட்டும். வெளியே எடுத்ததைத் திருப்பி உள்ளே விடுவதா, கொட்டிவிடுவதா என்று மூலத்தில் இல்லை. போன் செய்து கேட்டோம், திருப்பி விடச் சொன்னார்கள், எழுதிக்கொண்டோம்.

நேரத்திலும் கவனம் வேண்டும். "4 மணிக்கு ஒருமுறை" என்றால் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒருமுறை என்று படிக்கிறவர் உண்டு. காலை 6, 10, மதியம் 2 என்று மணியையே வரிசையாகப் போட்டுவிடுங்கள். "தலைப்பக்கம் 30 டிகிரி" என்பதற்குத் தலையணையைத் தலைக்கு மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்கிக் கழுத்து டியூப் நசுங்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுக்கச் சாய்ந்து பாதி உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும், சாப்பாடு முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே. இதற்கு நான் படம் வரைந்துவிடுவேன், மோசமாகத்தான் வரைவேன், ஆனாலும் புரிகிறது.

சாப்பாடு நுரையீரலுக்குப் போவதற்குத் தமிழில் என்ன சொல்?

புரையேறுதல். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்க "உட்சுவாசித்தல்" என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஆனால் புரையேறினால் நாம் என்ன செய்வோம்? தலையில் தட்டி, யாரோ நினைக்கிறாங்க என்று சிரிப்போம். அந்தச் சிரிப்பும் சொல்லோடு சேர்ந்தே வரும், அதனால் அடுத்த வரியிலேயே இது எப்படித் தெரியும் என்று எழுதிவிட வேண்டும்.

கழுத்து டியூப் இருப்பவருக்குப் புரையேறினால் நமக்கு வருவது போல் இருமல் வரும் என்று சொல்ல முடியாது. சத்தமே இல்லாமல் இறங்கலாம். அதனால் இப்படி எழுதுங்கள்: "கழுத்து டியூபிலிருந்து வரும் சளியில் பால், கஞ்சியின் நிறமோ வாசனையோ தெரிந்தால் சாப்பாட்டை உடனே நிறுத்துங்கள். சளி எடுங்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வேகமாவது, காய்ச்சல் வருவது ஆகியவையும் அடையாளம்." பலூனில் காற்று இருந்தால் புரையேறாது என்று நம்புகிறவர்கள் நிறைய. பலூன் கொஞ்சம் தடுக்கும், முழுசாகத் தடுக்காது. அந்த வரியும் தேவை.

ஆபத்து அறிகுறிகளில் எந்தச் சொற்கள் காலை வாரிவிடும்?

இழுப்பு, மயக்கம், நீலம். இழுப்பு சிலருக்கு வீசிங், சிலருக்கு வலிப்பு. மயக்கம் என்றால் தலைசுற்றலா, தூக்கக் கலக்கமா, நினைவில்லாமல் போவதா? நான் அந்தச் சொல்லையே போடுவதில்லை, "கூப்பிட்டால் கண் திறக்கவில்லை" என்று எழுதுவேன்.

நீலம் இன்னும் மோசம். தோல் நீலமாக மாறினால் என்று மூலத்தில் இருக்கும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய வரி அது. நம் நிறத்தில் முகம் நீலமாகாது, சாம்பல் பூத்த மாதிரியோ கருத்தோதான் தெரியும். நீலம் வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். "உதட்டின் உள்பக்கம், ஈறு, நகத்தின் அடி இந்த மூன்றையும் பாருங்கள். ரோஸ் நிறம் போய்ச் சாம்பலாகவோ கருநீலமாகவோ இருந்தால் ஆபத்து" என்று எழுதலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் இருந்தால், எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டு அதையும்.

மூலத்திலேயே தப்பு இருக்கிற மாதிரி தெரிந்தால் நானே திருத்தலாமா?

திருத்தாதீர்கள், கேளுங்கள். அடிக்கடி வரும் உதாரணம், மூக்கு டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கச் சொல்வது. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். அதனால்தான் இங்கிலாந்தில் 2005லேயே இதை நம்பக் கூடாது என்று எச்சரிக்கை விட்டு, டியூபிலிருந்து எடுத்த நீரை அமிலத்தைக் காட்டும் பிஎச் தாளில் தொட்டு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நம் பக்கம் இன்னமும் காற்றுச் சத்தம்தான் பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள்.

ஒருமுறை இதை நானே மாற்றி எழுதிவிட்டேன். குடும்பத்திடம் பிஎச் தாளும் இல்லை, நோயாளி அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு, அதில் எண் எப்படியும் கூடத்தான் காட்டும். நர்ஸ் ஒன்று சொல்ல, தாள் இன்னொன்று சொல்ல, அவர்கள் இரண்டு நாள் தவித்தார்கள். அதிலிருந்து, சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்புகிறேன். பெரும்பாலும் பதில் வரும், வராவிட்டால் போன். எந்த முறை சொன்னாலும் மூக்கு ஓரத்தில் தெரியும் சென்டிமீட்டர் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்த எண் மாறியிருந்தால் எதுவும் கொடுக்கக் கூடாது.

அவசரத் தாளில் என்ன இருக்க வேண்டும்?

குறைந்தபட்ச எழுத்து. சுவரில் ஒட்டுவது, கட்டிலிலிருந்தே படிக்கத் தெரிய வேண்டும். எனக்கு ஒப்புதலாகி வந்த ஒன்று:

"மூச்சு அடைக்கிறதா? ஒருவர் 108க்குப் போன் செய்யுங்கள்: 'கழுத்தில் டிரக்கி டியூப் இருக்கிறது, மூச்சு அடைக்கிறது.' இன்னொருவர் உள் டியூபைக் கழற்றுங்கள். சளி டியூபை விடுங்கள். போகிறதா? சளியை எடுங்கள். போகவில்லையா? டியூப் அடைத்திருக்கிறது. பலூனின் காற்றைச் சிரிஞ்சால் முழுதும் எடுங்கள். டியூப் மாற்றக் கற்றவர் மட்டும் மாற்றுங்கள்."

காற்றை ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்றால், பலூன் சுருங்கினால் டியூபைச் சுற்றி வாய் வழியாகக் கொஞ்சம் காற்று போக இடம் கிடைக்கும். லாரிஞ்செக்டமிக்கு இந்தத் தாள் பொருந்தாது. உள் டியூப் இல்லாத மாடலும் உண்டு, அப்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த வரிசையை ஆஸ்பத்திரியில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். மாற்று டியூப் இரண்டு, அதே சைஸில் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, எங்கே வைத்திருக்கிறது என்பதும் தாளில் இருக்கட்டும். நோயாளியால் குரல் கொடுத்துக் கூப்பிட முடியாது, கை அசைகிறவர் என்றால் பக்கத்தில் மணி.

டொரண்டோவில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு இதே தாளைக் கொடுக்கலாமா?

அப்படியே கொடுக்காதீர்கள். நர்ஸ் அவர்களுக்குத் தாதி, உபயோகிப்பது பாவிப்பது. "பேச முடியாது" என்பதைக் "கதைக்க ஏலாது" என்று மாற்றுங்கள், அங்கே பேசுவது என்றால் திட்டுவதும் ஆகும். 108 போய் 911 வரும். அதைவிட முக்கியம், அங்கே வந்த மூலத்தில் சில சமயம் பொருட்களின் பெயர் கம்பெனிப் பெயராகவே இருக்கும். பெட்டியில் அச்சாகியிருப்பதையே அப்படியே எழுதுங்கள், மொழிபெயர்க்காதீர்கள்.

எழுதியது புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தாளைக் கையில் கொடுத்து, மாற்று டியூபும் சிரிஞ்சும் பக்கத்தில் வைத்து, செய்து காட்டச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கை எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரி தப்பு. இங்கிலீஷ் தெரிந்த மகனிடம் காட்டி ஓகே வாங்குவதில் பயன் குறைவு, அவர் மூலத்தை மனதில் வைத்துக்கொண்டு படிப்பார். ராத்திரி யார் எழுந்திருக்கப்போகிறாரோ அவரிடம் காட்டுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால் தாளை ஒருபக்கம் வைத்துவிட்டு, அதே வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் போனில் பேசிப் பதிவு செய்து, நர்ஸ் செய்து காட்டும் வீடியோவோடு அனுப்பிவிடுங்கள்.